பெயர் சொல்லாமல் ஒரு வரி

கேள்வி:

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு வணக்கம். எனக்கு வயது 27. காரைக்குடியில் வேலை பார்க்கிறேன். அவர் சிங்கப்பூரில் இருக்கிறார். இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்த சம்பந்தம். அவருடைய அக்காவின் கல்யாணம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு நிச்சயம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். பெண் பார்த்ததே வீடியோ அழைப்பில்தான். ஒரு வருடம் நான்கு மாதமாகத் திரையில் மட்டுமே பார்த்துக்கொண்டோம். எனக்கு இரவு பத்து மணி என்றால் அவருக்குப் பன்னிரண்டரை. அவர் எழுந்து நடந்து நான் பார்த்ததுகூட இல்லை.

போன வாரம் விடுப்பில் வந்தார். இன்னும் ஆறு நாளில் திரும்பிப் போகிறார். மூன்று படங்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, திருச்சி விமான நிலையத்தில் பெட்டிகளோடு எடுத்தது. இன்னொன்று, எங்கள் பெரிய வீட்டு நிலைவாசலில் இருவரும் நிற்பது. மூன்றாவதில் இரண்டு காப்பி டம்ளர்களும் எங்கள் கைகளும் மட்டும். இன்ஸ்டாகிராமில் போட ஆசை. பெயர் வேண்டாம், அதிகம் சொல்லவும் வேண்டாம், ஆனால் அன்பு தெரிய வேண்டும். எழுதிப் பார்த்தது இது:

"ஒரு வருடம் நான்கு மாதம் ஒன்பது நாள். எத்தனை சண்டை, எத்தனை அழுகை. போன தீபாவளிக்கு நீ வர முடியாது என்றதும் நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது உனக்கே தெரியாது. இன்று உன்னை நேரில் பார்த்ததும் உலகமே நின்றுவிட்டது. நீ நடந்து வருவதை முதன்முதலாகப் பார்த்தேன். என் உயிரே, சிங்கப்பூர் உன்னைச் சீக்கிரம் திருப்பித் தரட்டும்."

பெயரை எடுத்துவிட்டேன், இனிப் பயமில்லைதானே? அவரிடம் கேட்டேன், "உன் விருப்பம்" என்றார். ஆகவே சம்மதம்தான். பங்காளி வீடுகளுக்கு மட்டும் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை.

– வாசகி, செட்டிநாடு

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதிய ஆறு வாக்கியங்களில் ஒன்று உண்மையிலேயே அழகானது. அது எது, மற்ற ஐந்தும் எங்கே போக வேண்டும் என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் நீங்கள் முடிவு செய்துவிட்ட இரண்டு விஷயங்களை மறுபடி திறக்க வேண்டியிருக்கிறது. பெயரை எடுத்தால் போதும் என்பது ஒன்று. "உன் விருப்பம்" என்றால் சம்மதம் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல என்பது என் கருத்து.

பெயர் இல்லை, ஆனால் வேம்பு இருக்கிறது

அன்பைச் சொல்லும்போது பெயரைச் சொல்லாமல் விடுவது நம்மிடம் புதிய வழக்கம் இல்லை. அகப்பாட்டில் தலைவன், தலைவி யார் என்று பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியமே விதி செய்திருக்கிறது. ஆனால் பெயரைத் தவிர்த்தாலே ஆள் மறைந்துவிடுவதில்லை என்பதையும் நம் முன்னோர் கவனித்திருக்கிறார்கள். நெடுநல்வாடை உங்கள் நிலைமைக்கு மிக அருகில் நிற்கும் பாட்டு. கணவன் போர்ப்பாசறையில், மனைவி அரண்மனையில், நடுவே கூதிர்கால இரவு. நக்கீரர் அதில் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அரசனோடு செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது என்று ஓர் இடத்தில் சொல்லிவிடுகிறார். வேம்பு பாண்டியருக்கு உரிய அடையாளம். அந்த ஓர் அடையாளம் ஆளைக் காட்டிவிட்டது என்பதால் அதை அகம் என்று கொள்ள முடியாது, புறம்தான் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர்.

உங்கள் படங்களிலும் வரிகளிலும் இப்படிப்பட்ட வேம்புகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

நிலைவாசல் படம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்புக்கு மேலே வீட்டு விலாச எழுத்துகள் இருக்கும். நிலையின் மேல் உள்ள மரவேலைப்பாடு வீட்டுக்கு வீடு வேறு. உள்ளே ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அதன் பூவும் கரையும் அந்த வீட்டுக்கென்று தேர்ந்தெடுத்துப் போட்டவை. சென்னையில் இருப்பவருக்கு அது வெறும் அழகான பழைய வீடு. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருப்பவர்களுக்கோ அது முகவரி. அதோடு, பெரிய வீடு உங்களுடையது மட்டும் அல்ல, பங்காளிகள் எல்லோருக்கும் பொது. இன்னும் விஷயம் சொல்லப்படாத பெரியப்பா தம் வீட்டு வாசலில் தாம் அறியாத மாப்பிள்ளை நிற்பதைக் கைப்பேசியில் பார்க்க நேரும். அந்த வருத்தம் அன்றே வெளியே வராமல் போகலாம். கல்யாணத்துக்கு அழைக்கப் போகும்போது வரும், அதுவும் உங்கள் அப்பச்சியின் மேல் வரும்.

விமான நிலையப் படம். இதை எந்த நிலையிலும் போடாதீர்கள். பெட்டியின் கைப்பிடியில் சுற்றி ஒட்டிய சீட்டில் அவருடைய பெயரும் பட்டைக்கோடும் இருக்கும். பயணச்சீட்டின் பதிவு எண்ணும் அதில் இருப்பது வழக்கம். படத்தைப் பெரிதாக்கினால் படிக்கக் கூடியவை அவை. பல விமான நிறுவனங்களின் தளத்தில் பதிவு எண்ணும் குடும்பப் பெயரும் இருந்தால் அந்தப் பயணத்தைத் திறந்து பார்க்க முடியும், சிலவற்றில் மாற்றவும் முடியும். அவர் போகவர ஒரே பதிவில் சீட்டு எடுத்திருந்தால் திரும்பும் பயணமும் அதே எண்ணில்தான் இருக்கும். அவருக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பெட்டிச் சீட்டை அழித்துவிட்டுப் போடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அந்தப் படத்தில் அவர் வீட்டார் முகங்களும் இருக்குமே? கல்யாணத்துக்குக் காத்திருக்கும் அக்கா அந்தப் பின்னணியில் இருந்தால், அந்தப் படம் யாரைப் பற்றி என்ன பேச்சைக் கிளப்பும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

டம்ளர் படம். மூன்றில் இதுதான் நல்ல படம். ஆனாலும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். மோதிரத்தில் முதலெழுத்து பொறித்திருக்கிறதா? டம்ளரின் விளிம்பில் பெயர் வெட்டியிருக்கிறதா? நம் வீடுகளில் சீர்ப்பாத்திரங்களில் பெயர் வெட்டுவது சாதாரணம், தினமும் பார்த்துப் பழகியதால் நம் கண்ணில் அது படுவதில்லை. கீழே தரைக்கல் தெரிந்தால் படத்தைச் சற்று நெருக்கி வெட்டிவிடுங்கள்.

இனி உங்கள் வரிகள். "சிங்கப்பூர்" ஒரு வேம்பு. "தீபாவளிக்கு வர முடியாது" என்பது இன்னொன்று. எங்கே இருக்கிறார், எப்போது விடுப்பு மறுக்கப்பட்டது, எத்தனை நாளாகப் பேசுகிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்தால், உங்கள் இரு குடும்பத்தையும் தெரிந்தவர்களுக்குப் பெயர் தேவையே இல்லை. நாள் கணக்கும் அப்படித்தான். ஒரு வருடம் நான்கு மாதம் ஒன்பது நாள் என்று எழுதினால், படிப்பவர் பின்னால் எண்ணிப் பார்த்து "அப்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டதா, நம்மிடம் சொல்லவே இல்லையே" என்று கேட்பார். அந்த எண்ணிக்கை உங்கள் இருவருக்கு மட்டும் அருமையானது.

"உன் விருப்பம்" என்று அவர் சொன்னது

இந்தப் பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுப்பு என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்ட விதம் அவருக்கு வேறு பதில் சொல்ல இடம் தரவில்லை. "போடட்டுமா?" என்று ஆசையோடு கேட்கும் பெண்ணிடம், இத்தனை மாதம் காத்திருந்து வந்த ஒருவர், அதுவும் வந்த முதல் வாரத்தில், "வேண்டாம்" என்று எப்படிச் சொல்வார்? நேரில் பழகத் தொடங்கிச் சில நாட்களே ஆகின்றன. திரையில் முகம் சுருங்கினால் உங்களுக்குத் தெரியும். நேரில் அவர் எதைத் தயக்கத்தோடு சொல்கிறார், எதை மனதாரச் சொல்கிறார் என்பதை நீங்கள் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். போடப் போகும் படத்தையும் வரியையும் முழுதாக அவர் கையில் கொடுத்து, யார் யார் பார்ப்பார்கள் என்றும் சொல்லிவிட்டு, "இதில் எதை எடுத்துவிடலாம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு "எதுவும் வேண்டாம், இருக்கட்டும்" என்றும் சொல்லலாம், "இந்தச் சொல் வேண்டாமே" என்றும் சொல்லலாம், "இப்போதைக்கு எதுவுமே வேண்டாம்" என்றும் மனம் நோகாமல் சொல்லலாம். உடனே பதில் கேட்காமல் ஓர் இரவு விடுங்கள். அவர் எடுக்கச் சொல்லும் சொல்லுக்குக் காரணம் கேட்டு வாதாடாதீர்கள். உடன் வேலை செய்பவர்களிடம் அவர் இன்னும் சொல்லாமல் இருக்கலாம், அக்காவை நினைத்திருக்கலாம், தம் அம்மாவின் கண்ணில் "என் உயிரே" படுவதை நினைத்துக் கூச்சப்பட்டிருக்கலாம். படத்தில் இருப்பது அவருடைய கையும்தான். அதைப் பலர் முன் வைப்பதா என்று முடிவு செய்வதில் அவருக்கும் உங்களளவு உரிமை உண்டு, படம் உங்கள் கைப்பேசியில் எடுத்ததாக இருந்தாலும்.

அவர் வேண்டாம் என்றால்? வருத்தமாக இருக்கும், அதை அவரிடம் மறைக்கவும் வேண்டாம். ஆனால் அந்த மறுப்பை உங்கள் மேல் அன்பு இல்லாததற்கு அடையாளமாகக் கொள்ளாதீர்கள். வெளியே காட்டாதவர்கள் நிறையப் பேர் உள்ளே ஆழமாக இருக்கிறார்கள். நம் ஊரிலேயே பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போய், மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத் திரும்பியவர்கள், மனைவியிடம் நாலு பேர் முன்னால் ஒரு சொல்கூடப் பேசாமல் முதலில் பெரியவர்களை வணங்கப் போனதைப் பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தின் இறுக்கம் இப்போது தேவையில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தின் ஒரு துளி அவரிடம் இருந்தால் அதை மதிக்கலாம்.

வரியைக் குறைப்பது எப்படி

இப்போது உங்கள் ஆறு வாக்கியங்களுக்கு வருவோம். ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இது யாருக்காக எழுதப்பட்டது?

சண்டையும் அழுகையும் யாருக்காகவும் எழுதப்பட வேண்டியவை அல்ல. அவை முடிந்துவிட்டன, அவற்றைப் படிப்பவர்கள் மட்டும் நெடுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது அவருக்காக மட்டும் எழுதப்பட்டது. அதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. "உனக்கே தெரியாது" என்கிறீர்கள். அவருக்குத் தெரியாத ஒரு வலியை அவர் முந்நூறு பேரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் படித்துத் தெரிந்துகொள்வது நியாயமா? படித்ததும் அவருக்கு முதலில் வருவது குற்ற உணர்ச்சியாகத்தான் இருக்கும். இதை நேரில் சொல்லுங்கள். இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

"உலகமே நின்றுவிட்டது" என்பதை எடுத்துவிடுங்கள். அது உங்கள் வாக்கியம் அல்ல, யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதக் கூடியது. "என் உயிரே", "நீ", "உன்னை" எல்லாம் உங்கள் இருவருக்குள் இருக்கட்டும். நீங்கள் அவரைத் தனியே "நீ" என்று அழைப்பதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நிச்சயம்கூட ஆகாத நிலையில் அவருடைய அப்பத்தாவின் பேரப்பிள்ளைகள் யாராவது அதைப் படித்துக் காட்டினால் பேச்சு வரியைவிட்டு விலகி மரியாதைக்குப் போய்விடும். "வந்துவிட்டார்" என்று மாற்றினால் தீருமா என்றால், அதுவும் தீராது. "ஆர்" விகுதியைப் பார்த்ததுமே "மாப்பிள்ளையா?" என்று கேட்பார்கள். நம் பக்கத்தில் "அவுக" என்று எழுதலாம், கொஞ்சலாகவும் இருக்கும். ஆனால் அது எந்த ஊர்ப் பெண் எழுதியது என்பதை முதல் சொல்லிலேயே சொல்லிவிடும்.

இதற்குத் தமிழில் எளிய வழி இருக்கிறது. வந்தவரை எழுவாயாக வைக்காமல் வேறு ஒன்றை வையுங்கள். குரல், நடை, நேரம், டம்ளர் எதுவானாலும் சரி. வினை அஃறிணைக்குப் போய்விடும், ஆண், பெண், மரியாதை என்ற மூன்றும் தாமாக மறைந்துவிடும். "நாங்கள்" என்பதையும் தவிர்க்கலாம். "நாங்கள்" என்றதுமே பார்ப்பவர்களுக்கு முன்னால் நின்று அறிவிப்பது போல ஆகிறது. "நாம்" என்றால் படிக்கும் முந்நூறு பேரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். "இருவர்" என்பது போதும்.

மிஞ்சியது ஒரே வாக்கியம்: நீ நடந்து வருவதை முதன்முதலாகப் பார்த்தேன். நான் தொடக்கத்தில் அழகு என்று சொன்னது இதைத்தான். இது உங்கள் கண்ணால் பார்த்தது, வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. திரையில் ஒருவரை மார்பளவுக்குத்தான் பார்க்கிறோம். அவர் எழுந்து நடப்பது, நடையில் இருக்கும் சிறு சாய்வு, உயரம், இவையெல்லாம் நேரில் மட்டுமே கிடைக்கும் செய்திகள். அந்த வாக்கியத்தை இப்படிச் சுருக்கலாம்:

குரல் பழக்கம்தான். நடை புதிது.

நான்கே சொற்கள். தூரமும் இருக்கிறது, சந்திப்பும் இருக்கிறது, யார் என்பது இல்லை. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. இருவரும் இதுவரை நேரில் பார்த்ததே இல்லை என்பதை இது சொல்லிவிடுகிறது. பெண் பார்த்தது வீடியோவில் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்களா? சொல்லவில்லை என்றால் இந்த வரி நெருங்கிய தோழிகளுக்கு மட்டும்.

பரவலாகப் போட வேண்டுமானால் உங்கள் கடிதத்தில் இருந்தே வேறு ஒன்றை எடுக்கலாம். எனக்குப் பத்து, அவருக்குப் பன்னிரண்டரை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வருடமாக அந்த இரண்டரை மணி நேரத்தைக் கூட்டியும் கழித்தும்தானே ஒவ்வொரு அழைப்பும் நடந்திருக்கும்? அவர் தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று நீங்கள் பேச்சை முடித்த இரவுகளும் இருக்கும். அந்தக் கணக்கு இந்த வாரம் தேவைப்படவில்லை. முதலில் இப்படி எழுதிப் பார்த்தேன்: "இன்று இருவருக்கும் மணி ஒன்று." இதைப் படித்தால் மதியம் ஒரு மணி என்று பொருள் வருகிறது. அடுத்து: "இன்று நம் கடிகாரங்கள் இரண்டிலும் இரண்டரை மணி நேர வித்தியாசம் இல்லை." இதில் வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லிவிட்டதால் நாடும் தெரிந்துவிடுகிறது, வரியும் நீண்டுவிட்டது. "நம்" என்பதையும் எண்ணையும் எடுத்தேன். போடும் நாளும் எடுத்த நாளும் ஒன்றல்ல என்பதால் "இன்று" பொய்யாகும், அதையும் மாற்றினேன்:

இந்த வாரம், இருவர் கடிகாரத்திலும் ஒரே நேரம்.

டம்ளர் படத்தோடு இதை வையுங்கள் என்பது என் யோசனை. படத்தில் கைகளும் காப்பியும் இருக்கின்றன, வரியில் அவை இல்லை. படத்தில் இல்லாத தூரத்தை வரி சொல்கிறது. படத்தில் இருப்பதையே வரியும் சொன்னால், "இரு டம்ளர், இரு கைகள்" என்று எழுதினால், இரண்டும் ஒன்றை ஒன்று வீணாக்கும். கையில் கடிகாரம் தெரியும் படம் என்றாலும் இந்த வரி பொருந்தாது, விளக்கக் குறிப்பு போல ஆகிவிடும்.

இதய உருவங்களோ விமானப் படமோ சேர்க்க வேண்டாம். விமானம் வரைந்தால் தூரம் எப்படிப்பட்டது என்று கோடிட்டுக் காட்டியதாகிறது. இருப்பிடக் குறிப்பும் வேண்டாம். குலக்கோயில் பெயரையோ ஊர்ப் பெயரையோ ஹேஷ்டேகாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கோயில் பெயர் ஒன்றே எந்தப் பங்காளிகள் என்று சொல்லிவிடும் ஊர் இது. இன்ஸ்டாகிராமில் நீண்ட குறிப்பு எழுதினாலும் முதல் ஓரிரு வரிதான் உடனே தெரியும், மிச்சம் தட்டினால்தான் வரும். ஆகவே சுருக்கமாக எழுதியதால் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை.

சுருங்கிய வரியில் அன்பு குறைந்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றினால், நீக்கிய வாக்கியங்களை ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதி அவரிடம் கொடுங்கள். தீபாவளியை நேரில் சொன்ன பிறகு கொடுங்கள். அவற்றில் ஒன்றுகூட வீணாக வேண்டாம். படிக்க வேண்டியவர் ஒருவர்தான்.

யாருக்கு, எப்போது

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. எங்கும் போடாமல் இருவரிடையே வைத்துக்கொள்வது முதல் வழி. இதில் இடர் எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு மகிழ்ச்சியைப் பகிர வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அந்த ஆசை நியாயமானது. நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டுவது இரண்டாவது. எல்லோருக்கும் போடுவது மூன்றாவது. இப்போதைக்கு இரண்டாவது, பங்காளி வீடுகளுக்குச் சொன்ன பிறகு மூன்றாவது என்று செல்லுங்கள்.

இரண்டாவது வழிக்கு இன்ஸ்டாகிராமில் Close Friends என்ற பட்டியல் உண்டு. ஸ்டோரிக்கும் பதிவுக்கும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். வாட்ஸாப் ஸ்டேட்டஸ் என்றால் Only share with என்பதில் பெயர்களை நீங்களே குறிக்கலாம், அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். இரண்டும் கதவுதான், பூட்டு அல்ல. பட்டியலில் உள்ள ஒருவர் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டால் உங்களால் தடுக்க முடியாது. ஆகவே பட்டியலைப் பழைய நாளில் போட்டபடியே விட்டுவிடாமல் இன்று திறந்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். சித்தப்பா மகள், கல்லூரித் தோழி, அலுவலகத்தில் ஒருவர் என்று எப்போதோ சேர்த்தவர்கள் இருப்பார்கள். இந்தப் படத்தை அவர் தம் அம்மாவிடம் காட்டினால் பரவாயில்லையா என்று ஒவ்வொருவரையும் நினைத்துப் பாருங்கள். பரவாயில்லை என்று தோன்றாத பெயரை எடுத்துவிடுங்கள். அங்கும் இந்த அடையாளமற்ற படத்தையும் வரியையுமே போடுங்கள், நிலைவாசல் படத்தை அல்ல. வெளியே போனாலும் இழப்பு இல்லாதபடி இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

மூன்றாவது வழிக்கு வரிசை முக்கியம். முதலில் அவர் வீட்டாரிடம், குறிப்பாக அவருடைய அக்காவிடம், ஒரு வார்த்தை. அதை அவரே கேட்பது நல்லது. அக்காவுக்குப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது தம்பியின் படம் ஊர் முழுக்கச் சுற்றினால், பெண் வீட்டில் அவசரப்படுகிறார்கள் என்று யாராவது சொல்லக்கூடும், அந்தச் சொல் உங்கள் காதுக்கு வந்தால் நீங்கள் நொந்துபோவீர்கள். அடுத்து உங்கள் அப்பச்சி பங்காளி வீடுகளுக்கு வாயால் சொல்லட்டும், அல்லது நேரில் போய்ச் சொல்லட்டும். அதற்குப் பிறகு பதிவு. அவர் திரும்பிப் போன பிறகு போடுவதானால் வரியில் "இந்த" என்பதை "அந்த" என்று மாற்றினால் போதும். அப்போது அந்த வரி பிரிவையும் சேர்த்துச் சொல்லும், முன்னைவிட நன்றாகவே இருக்கும்.

சம்பந்தம் ஏதோ காரணத்தால் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை. நிச்சயத்துக்கு முன் போடும் யாரிடமும் நான் இதைக் கேட்பது வழக்கம். நடக்காது என்று சொல்வதற்காக அல்ல. முகம் இருக்கும் படமும் "என் உயிரே" என்ற வரியும் வெளியே போயிருந்தால் நீக்கிய பிறகும் பிறர் கைப்பேசியில் இருக்கும். இரண்டு டம்ளரும் ஒரு கடிகார வரியும் இருந்தால் அவை யாருடைய வாழ்க்கையையும் கட்டிப்போடாது.

கடைசியாக, நீங்கள் யோசிக்காத ஓர் இடம்: பின்னூட்டம். நீங்கள் எவ்வளவு கவனமாகப் பெயரை மறைத்தாலும், உங்கள் அத்தை மகன் ஒருவர் கீழே வந்து அவர் பெயரை எழுதி "வாழ்த்துகள்" என்று போட்டுவிட்டால் முடிந்தது. தோழிகள் அன்பாக அவருடைய கணக்கை இணைத்துவிடுவார்கள். ஆகவே போடும்போதே பின்னூட்டத்தை அணைத்துவிடுங்கள், பதிவின் கூடுதல் அமைப்புகளில் அந்த வசதி இருக்கிறது. அவரும் தம் கணக்கில், பிறர் தம்மை இணைத்தால் தம் ஒப்புதலுக்குப் பிறகே அது தம் பக்கத்தில் தெரியும்படி மாற்றி வைக்கட்டும். தனிச் செய்தியில் "யார் அது?" என்று கேட்பவர்கள் வருவார்கள். நெருங்கியவர் என்றால் தொலைபேசியில் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு "நேரம் வரும்போது நானே சொல்கிறேன்" என்ற ஒரே பதில் போதும். அதே பதிலை எல்லோருக்கும் அனுப்புங்கள், ஒருவருக்குக் கூடுதலாக ஒரு குறிப்புக் கொடுத்தால் மற்றவர்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.